திரையை எடுத்த பிறகும் அங்கேயே இருந்த பிம்பம்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒளியியல் பாடத்தில் ஒரு தேர்வு முடிந்து வந்த அன்று சாயந்திரம், பையைக்கூட இறக்கி வைக்காமல் என்னிடம் கேட்டாள்:

"மெய் பிம்பம் திரையில விழும், மாய பிம்பம் விழாதுன்னு எழுதிட்டேன் மாமா. மார்க்கும் போட்டுட்டாங்க. ஆனா திரையை எடுத்துட்டா அந்த மெய் பிம்பம் எங்க போகும்?"

"எங்கேயும் போகாது. அங்கேயேதான் இருக்கும்."

"அப்ப ஏன் கண்ணுக்குத் தெரியல?"

நல்ல கேள்வி. தெரியும், ஆனால் கண்ணை அதற்கான இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்த இடம் எது, எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் என்று நானே என் கண்ணால் அளந்து பார்த்ததில்லை. அதனால் இரண்டு மாலைகள் உட்கார்ந்து செய்தோம். செய்ததையும் தப்பியதையும் அப்படியே எழுதுகிறேன்.

மேஜையில் வைத்தவை

5 செ.மீ. விட்டமுள்ள குவிலென்ஸ் இரண்டு வைத்திருந்தேன். சன்னலுக்கு வெளியே தூரத்தில் நிற்கும் தென்னை மரத்தைச் சுவரில் விழவைத்துப் பார்த்ததில், இரண்டுக்கும் குவியத் தொலைவு 10 செ.மீ. வந்தது. தெர்மாகோல் துண்டில் கீறல் போட்டு லென்ஸைச் செங்குத்தாகச் சொருகினோம். மேஜையின் நீளத்துக்கு ஒரு தையல் டேப்பை ஒட்டினோம்.

பொருளாக ஒரு எல்இடி டார்ச். அதன் முகப்பில் பட்டர் பேப்பர் ஒட்டி, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, நடுவில் "ட" என்ற எழுத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்தேன். எழுத்தின் உயரம் 1 செ.மீ. "ட" வை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். அதைத் தலைகீழாக்கினாலும், இடவலமாக்கினாலும் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டர் பேப்பரை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் டார்ச்சின் ஒளி ஒரே திசையில் நேராகப் பாய்ந்து லென்ஸின் நடுப்பகுதியை மட்டும் தொடும். எழுத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் பரவி லென்ஸ் முழுவதையும் நிரப்பினால்தான் பிறகு நாம் கண்ணுக்கு இடம் தேடுவது சரியாக வரும். கண்ணுக்கும் அதுதான் நல்லது, நேரடி எல்இடியை யாரும் லென்ஸ் வழியாகப் பார்க்கக் கூடாது.

திரையும் பட்டர் பேப்பர்தான். எம்ப்ராய்டரி போடும் வளையத்தில் இழுத்துப் பிடித்தோம். வெள்ளை அட்டையைத் திரையாக வைத்தால் லென்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். பட்டர் பேப்பரை அதன் பின்பக்கத்திலிருந்தும் பார்க்கலாம், பிறகு பேப்பரை உருவிவிட்டு அதே இடத்திலிருந்து கண்ணை நகர்த்தாமல் பார்க்கவும் செய்யலாம். இந்தச் செய்முறை முழுவதும் அந்த வசதியில்தான் நிற்கிறது.

முதல் மாலை: மெய் பிம்பம்

டார்ச்சை லென்ஸிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்தோம். மறுபக்கம் வளையத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் 30 செ.மீ.யில் எழுத்து பளிச்சென்று விழுந்தது. 2 செ.மீ. உயரம், தலைகீழ், இடவலமும் மாறியிருந்தது. கணக்குப்படியும் இதுதான்: 15-ல் பொருள், 10 குவியத் தொலைவு என்றால் பிம்பம் 30-ல், இரு மடங்கு பெரிதாக.

அவளை வளையத்துக்குப் பின்னால் பல இடங்களிலிருந்து பார்க்கச் சொன்னேன். வலப்பக்கம், இடப்பக்கம், மேலிருந்து, கிட்டத்தில், எட்டத்தில். எங்கிருந்து பார்த்தாலும் "ட" தெரிந்தது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த என் அம்மாவுக்கும் தெரிந்தது. பேப்பரில் வந்து விழும் ஒளியை அதன் இழைகள் எல்லாத் திசைக்கும் சிதறடிக்கின்றன. அதனால் பேப்பரே ஒளி விடும் பொருள் மாதிரி ஆகிவிடுகிறது. திரை செய்யும் வேலை அவ்வளவுதான். அது பிம்பத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உண்டான பிம்பத்தை எல்லாப் பக்கமும் பரப்பிவிடுகிறது.

பிறகு வளையத்தை எடுத்தேன்.

"போச்சு மாமா."

அவள் அப்போது மேஜைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே எதுவும் தெரியாது. திரை போனதும் ஒளி சிதறுவதில்லை. லென்ஸிலிருந்து கூம்பாகக் குவிந்து வந்து, 30-ல் புள்ளியாகச் சேர்ந்து, அங்கே நிற்காமல் கடந்து மறுபடி விரிந்துகொண்டே போகிறது. அந்த விரியும் கூம்புக்குள் கண் இருந்தால்தான் ஒளி கண்ணுக்குள் வரும்.

அவளை மேஜையின் கோடிக்கு அழைத்துப் போய், லென்ஸை நேராகப் பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடவைத்து, முதலில் லென்ஸை ஒட்டியே கண்ணை வைக்கச் சொன்னேன். அங்கிருந்து மெல்லப் பின்னால் வரவேண்டும். பார்ப்பதை அவளே சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன்.

லென்ஸுக்கு மிக அருகில் கண்ணை வைத்தபோது எழுத்து நேராகத் தெரிந்தது, ஆனால் கலங்கலாக. பின்னால் வர வர எழுத்து பெரிதாகிக்கொண்டே போய்க் கலங்கல் கூடியது. 30 செ.மீ. நெருங்கும்போது எழுத்தே இல்லை. லென்ஸ் முழுவதும் ஒரே வெளிச்சம், கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் முழு லென்ஸும் இருண்டது. பிம்பத்தின் மேலேயே கண்ணை வைத்துவிட்டாள் என்று அர்த்தம். கண்மணியின் மேல் எழுத்தின் எந்தப் புள்ளி விழுகிறதோ அந்தப் புள்ளியின் நிறமே லென்ஸ் முழுக்கத் தெரியும். அதைக் கடந்து பின்னால் வந்ததும் தலைகீழ் "ட" கலங்கலாக எழுந்து, சுமார் 42 செ.மீ.யில் கூர்மையானது.

"தெரியுது மாமா! காத்துல தொங்குது!"

நான் அதே இடத்தில் கண்ணை வைத்தேன். எனக்கு மங்கல்தான். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கண்ணாடி போடாமல் நாளிதழ் படிக்கக் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. நான் 75 செ.மீ. வரை பின்னால் வந்த பிறகுதான் எழுத்து தெளிந்தது. காரணம் எளிது: காற்றில் தொங்கும் மெய் பிம்பத்தையும் ஒரு பொருளைப் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும். பொருளைக் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தால் தெளிவாகத் தெரியுமோ, அவ்வளவு தூரம் பிம்பத்துக்குப் பின்னால் கண் இருக்க வேண்டும். பாடப்புத்தகம் அந்தத் தூரத்தை 25 செ.மீ. என்று வைக்கும். அதன்படி 30-ம் 25-ம் சேர்ந்து 55. பதினைந்து வயதுக் கண்ணுக்கு 10 அல்லது 12 செ.மீ. போதும், என் கண்ணுக்கு 45 வேண்டும். வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது ஆசிரியருக்குத் தெரியும் இடத்தில் மாணவருக்கும், மாணவருக்குத் தெரியும் இடத்தில் ஆசிரியருக்கும் அப்படியே தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. "எழுத்து முழுசா இல்ல மாமா. மேலயும் கீழயும் வெட்டுப்பட்டிருக்கு." திரையில் முழுதாக இருந்த 2 செ.மீ. எழுத்து, காற்றில் ஏன் குறைகிறது?

இதற்கு ஒரு நூலை எடுத்தோம். அவள் கண் இருந்த இடத்தில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, பிம்பம் இருக்கும் 30 செ.மீ. புள்ளி வழியாக லென்ஸுக்கு இழுத்தேன். எழுத்தின் நடுப்பகுதி வழியாகப் போகும் நூல் லென்ஸின் மேல் போய் முடிகிறது. எழுத்தின் மேல் நுனி வழியாகப் போகும் நூல் லென்ஸின் விளிம்பைத் தாண்டி வெற்றுத் தெர்மாகோலில் போய் முட்டுகிறது. தெர்மாகோலிலிருந்து ஒளி வருமா? வராது. பிம்பத்தின் எந்தப் புள்ளிக்கு நேர்பின்னால் லென்ஸ் இருக்கிறதோ, அந்தப் புள்ளி மட்டுமே தெரியும். லென்ஸ் ஒரு சன்னல் மாதிரி, பிம்பம் சன்னலுக்கும் நமக்கும் நடுவில் தொங்குகிறது, சன்னல் சட்டத்துக்கு வெளியே போகும் பகுதி வெட்டுப்படும்.

அளவு சொன்னால் இன்னும் தெளிவாகும். லென்ஸிலிருந்து 42 செ.மீ.யில் கண் இருந்தால், 5 செ.மீ. சன்னல் வழியாக 30-ல் உள்ள பிம்பத்தில் 1.4 செ.மீ. மட்டுமே தெரியும். 75-ல் கண் இருந்தால் 3 செ.மீ. தெரியும். அதனால்தான் எனக்கு முழு எழுத்தும் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளையும் 75-க்கு வரச் சொன்னேன். முழு "ட" வந்தது. மெய் பிம்பத்தைக் காற்றில் பார்க்கப் பின்னால் போகப் போக நல்லது. கிட்டே போனால் பெரிதாகத் தெரியும் என்று முன்னே சாய்வதுதான் எல்லோரும் செய்வது, அதனால்தான் எல்லோருக்கும் தவறுகிறது.

பக்கவாட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பார்த்தோம். 75 செ.மீ.யில் தலையை இரண்டு செ.மீ. போல் நகர்த்தியதும் எழுத்தின் ஒரு ஓரம் மறைய ஆரம்பித்தது. ஐந்து செ.மீ. தாண்டியதும் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்றவளுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு இதுதான் விடை.

இடையில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லவேண்டும். திரையில் எழுத்தின் ஓரம் கொஞ்சம் கலங்கலாகவும் நீலம் பூசியது போலவும் இருந்ததால், லென்ஸின் மேல் 3 செ.மீ. துளையுள்ள கறுப்பு சார்ட் அட்டை வளையம் ஒன்றை முதலிலேயே மாட்டியிருந்தேன். திரையில் பிம்பம் நன்றாகக் கூர்மையானது. ஆனால் காற்றில் பார்க்கும்போது எங்கே தலையை வைத்தாலும் எழுத்து வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. சன்னலை நானே சிறிதாக்கிவிட்டேன். அட்டையைக் கழற்றிய பிறகுதான் மேலே சொன்ன அளவுகள் வந்தன. திரைக்குச் சிறிய துளை நல்லது, காற்றில் பார்ப்பதற்குப் பெரிய லென்ஸ் நல்லது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

அன்று கடைசியாகச் செய்ததுதான் அவளை முழுமையாக நம்பவைத்தது. வளையத்திலிருந்த பட்டர் பேப்பரின் வலப்பாதியைப் பிளேடால் நேர்கோட்டில் வெட்டி எடுத்தேன். வெட்டிய விளிம்பு எழுத்தின் நடுவே வரும்படி வளையத்தை 30-ல் நிறுத்தினேன். 75-லிருந்து பார்த்தால் "ட" வின் ஒரு பாதி பேப்பரில், மறுபாதி காற்றில். காற்றில் உள்ள பாதி பேப்பரில் உள்ளதைவிட மிகப் பிரகாசமாக இருந்தது, பேப்பரின் இழைநெசவு இல்லாமல் கத்தி போல் கூர்மையாகவும் இருந்தது. கோடு விளிம்பில் உடையாமல் ஒன்றோடொன்று பொருந்தி ஓடியது. தலையை மெதுவாக ஒரு செ.மீ. இங்கும் அங்கும் அசைத்தோம், இரண்டு பாதியும் விலகவில்லை. தலையை நன்றாக நகர்த்தியதும் காற்றுப் பாதி மட்டும் அணைந்தது, பேப்பர் பாதி அப்படியே இருந்தது.

அவள் அதை நாலைந்து தடவை செய்தாள். அசைப்பதும் அணைவதும், திரும்ப வருவதும். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் மாலை: மாய பிம்பம்

இப்போது டார்ச்சை லென்ஸுக்கு 6 செ.மீ. அருகில் கொண்டுவந்தோம், குவியத் தொலைவுக்குள். மறுபக்கம் வளையத்தை லென்ஸை ஒட்டி வைத்து மேஜைக் கோடிவரை நகர்த்தினோம். ஒரு வெளிச்ச வட்டம் மட்டும் விழுந்தது, நகர்த்த நகர்த்தப் பெரிதாகி மங்கியது. எழுத்தின் உருவம் எங்கேயும் வரவில்லை.

திடீரென்று அவள் கூவினாள்: "இங்க ஒரு பிம்பம் விழுது மாமா!" லென்ஸுக்குப் பின்னால் பத்து செ.மீ. சொச்சத்தில், வெளிச்ச வட்டத்தின் ஓரமாக, பேப்பரில் சின்னதாக ஒரு நீள்சதுரம், அதற்குள் கோடுகள், பச்சை நிறம். டார்ச்சை அணைத்தேன். அது அப்படியே இருந்தது, இன்னும் தெளிவாகவே. டார்ச்சுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் இருந்த சன்னலும், அதன் கம்பிகளும், வெளியே தென்னையும்தான் அது. சன்னலை மூடவேண்டும், இல்லையென்றால் இரவில் செய்யவேண்டும். திரையில் எதையாவது கண்டால் முதல் வேலை, பொருளின் முன்னால் ஒரு பென்சிலை ஆட்டுவது. பென்சிலின் நிழல் பிம்பத்தில் ஓடவில்லை என்றால் அது நம் பிம்பமே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. அவளாகவே டார்ச்சை 10.5 செ.மீ.யில் வைத்துப் பார்த்தாள். மேஜையின் நீளம் 120 செ.மீ. கோடிவரை வளையத்தைக் கொண்டுபோயும் எழுத்து விழவில்லை. "மாய பிம்பம்" என்று நோட்டில் எழுதப் போனாள். லென்ஸ் வழியாகப் பார்த்தாலும் எழுத்து நேராகவும் பெரிதாகவும்தான் தெரிந்தது, கொஞ்சம் கலங்கல் மட்டும். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, லென்ஸைச் சுவரிலிருந்து 2 மீட்டர் சொச்சத்துக்கு இழுத்தேன். சுவரில், மங்கலாக, ஒரு சாண் உயரத்துக்குத் தலைகீழ் "ட". கணக்கு 210 செ.மீ. தொலைவும் 20 மடங்கும் சொல்கிறது. பொருள் குவியத்தை ஒட்டி வெளியே இருக்கும்போது பிம்பம் அவ்வளவு தூரம் ஓடிவிடும். "திரையில் விழவில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் திரையை எவ்வளவு தூரம் கொண்டுபோனோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சந்தேகமிருந்தால் பொருளைக் குவியத் தொலைவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அல்லது ஒன்றரை மடங்கில் வைத்துச் செய்யுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் கண்ணும் திரையும் இரண்டுமே ஏமாற்றும்.

டார்ச்சைத் திரும்ப 6-க்குக் கொண்டுவந்து, இப்போது கண்ணுக்கு இடம் தேடினோம். லென்ஸை ஒட்டிக் கண்ணை வைத்தாலும் "ட" நேராக, பெரிதாக. பின்னால் வந்தாலும் நேராகவே. நேற்று நடந்ததுபோல் லென்ஸ் முழுக்க வெளிச்சமாகும் இடமோ, எழுத்து தலைகீழாகும் இடமோ எங்கும் இல்லை. ஏனென்றால் லென்ஸைத் தாண்டி வரும் ஒளி எங்கேயும் குவியவே இல்லை, விரிந்துகொண்டேதான் போகிறது. குவியாத ஒளியைத் திரை எப்படிப் பிடிக்கும்? பட்டர் பேப்பரில் வளரும் வட்டமாக விழுந்தது அதுதான்.

"அப்ப பிம்பம் எங்க இருக்கு?"

டார்ச்சை எடுத்துவிட்டு, அதே 6 செ.மீ.யில் களிமண் உருண்டையில் ஒரு சின்ன ஈர்க்குச்சியை நட்டோம். இன்னொரு ஈர்க்குச்சி உயரமானது, லென்ஸின் தலைக்கு மேலே தெரியும்படி அதற்குப் பின்னால். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் லென்ஸுக்குள் சின்னக் குச்சியின் பருத்த பிம்பம் தெரியும், லென்ஸுக்கு மேலே உயரக் குச்சி நேரடியாகத் தெரியும். தலையை இடமும் வலமும் அசைக்கவேண்டும். எது தூரத்தில் இருக்கிறதோ அது தலையோடு கூடவே வருவது போலத் தெரியும், பஸ்ஸில் போகும்போது தூரத்து மலை கூடவே வருவது மாதிரி. உயரக் குச்சி 12-ல் இருந்தபோது பிம்பம் தலையோடு வந்தது, அப்படியானால் பிம்பம் இன்னும் தூரத்தில். 20-க்குத் தள்ளியபோது உயரக் குச்சி தலையோடு வந்தது. முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, இரண்டும் ஒட்டிக்கொண்டு அசையும் இடத்தைத் தேடினாள். மூன்று தடவையும் 14-க்கும் 16-க்கும் நடுவில் வந்தது. கணக்குச் சொல்வது 15.

டார்ச்சைத் திரும்ப 6-ல் வைத்து ஏற்றி, வளையத்தை அந்த 15-ல் கொண்டுபோய் வைத்தோம். அதாவது டார்ச் இருக்கும் அதே பக்கத்தில், எழுத்துக்குப் பின்னால், டார்ச்சின் உடம்பை ஒட்டி. பேப்பர் இருட்டாக இருந்தது. லென்ஸ் வழியாகப் பார்க்கும் கண்ணுக்கு எழுத்து நிற்கும் அதே இடத்தில் ஒரு துளி ஒளிகூட விழவில்லை. ஒளி அந்த இடத்திலிருந்து வருவது போல் வருகிறது, அங்கே போகவே இல்லை. மாய என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நேரடியான காட்சி அந்த இருட்டுப் பேப்பர்தான்.

நேற்று எடுத்த நூலை இன்றும் எடுத்தோம். கண்ணிலிருந்து பிம்பத்தின் புள்ளிக்கு நூலை இழுத்தால், நூல் லென்ஸைத் துளைத்துப் போகவேண்டும். நேற்றும் அதே நிபந்தனைதான். வித்தியாசம் ஒன்று மட்டும்: மெய் பிம்பத்தில் கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பிம்பம், மாய பிம்பத்தில் கண்ணுக்கும் பிம்பத்துக்கும் நடுவில் லென்ஸ். பிம்பம் சன்னலுக்கு உள்ளே தொங்குகிறதா, வெளியே தொங்குகிறதா என்பதுதான் பேச்சு. வெளியே இருப்பதைப் பார்க்க எல்லோரும் சன்னலை நெருங்குவோம். 25 செ.மீ. தள்ளிப் பார்த்தால் 15-ல் உள்ள பிம்பத்தளத்தில் 8 செ.மீ. அகலம் தெரியும், 5 செ.மீ.க்கு நெருங்கினால் 20 செ.மீ. தெரியும். நேற்று பின்னால் போகப் போக நன்றாக இருந்தது, இன்று முன்னால் போகப் போக. தெளிவுக்கு மட்டும் அவரவர் கண் அளவு: அவள் 5 செ.மீ.யிலேயே தெளிவாகப் பார்த்தாள், நான் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

அவள் விடவில்லை. செல்போன் கேமராவை லென்ஸுக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்துக் காட்டினாள். "பாருங்க, போட்டோவுல விழுந்துருச்சே. கேமராவுக்குள்ள இருக்குறதும் திரைதான மாமா?"

சரியான இடத்தில் பிடித்தாள். கேமராவுக்குள் இருப்பது திரைதான், ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு லென்ஸ் இருக்கிறது. வைத்திருந்த இரண்டாவது லென்ஸை எடுத்து, முதல் லென்ஸுக்கு 5 செ.மீ. பின்னால், அவள் கண் வைத்த அதே இடத்தில் நிறுத்தினோம். முதல் லென்ஸின் மாய பிம்பம் இரண்டாவது லென்ஸுக்கு 20 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு பொருள். 10 குவியத் தொலைவு லென்ஸுக்கு 20-ல் பொருள் என்றால் பின்பக்கம் 20-ல் அதே அளவுப் பிம்பம். வளையத்தை அங்கே வைத்தேன். நேற்றுப் பாதி வெட்டிய பேப்பரை மாற்றிப் புதுசு போட்டிருந்தோம். இரண்டரை செ.மீ. உயரத்தில் தலைகீழ் "ட" வந்து உட்கார்ந்தது, ஓரங்கள் நேற்றைவிடக் கலங்கல்தான், ஆனால் சந்தேகமில்லாத "ட". முதல் லென்ஸை எடுத்ததும் அது கரைந்துபோனது, திரும்ப வைத்ததும் வந்தது.

"கண்ணுக்குள்ள நடக்குறதும் இதுதானா?"

"இதுதான். முன்னால லென்ஸ், பின்னால விழித்திரை."

"அங்கயும் தலைகீழாத்தான் விழுமா?"

"தலைகீழாத்தான்."

கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எதுவும் சொல்லாமலேயே வளையத்தை உருவி எடுத்துக் கீழே வைத்தாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேஜைக் கோடிவரை பின்னால் போனாள், தலையை இரண்டு விரல் வலப்பக்கம் நகர்த்தினாள்.

"இருக்கு மாமா. இங்கயும் தொங்குது."